முதல் மின்னஞ்சலில் எவ்வளவு சொல்லலாம்?

வணக்கம். அடுத்த திங்கட்கிழமை எட்டுப் பேர் கொண்ட குழுவுக்கு மேலாளராகப் பொறுப்பேற்கிறேன். முன்பு இருந்தவர் திடீரென்று விலகிவிட்டார். இரண்டு பேரின் பதவி உயர்வு பாதியில் நிற்கிறது. அறிமுக மின்னஞ்சலில் 'உங்கள் குறைகள் எல்லாவற்றையும் தீர்த்து வைப்பேன்' என்று எழுதியிருக்கிறேன். அனுப்பலாமா?
- ஒரு வாசகர்

அன்புள்ள நண்பருக்கு,

அந்த வரியை எடுத்துவிடுங்கள். காத்திருக்கும் அந்த இரண்டு பேரும் அதைத் தங்களுக்குக் கொடுத்த வாக்காகவே படிப்பார்கள். நான் முதன்முதலில் மேலாளரானபோது 'சம்பள விஷயத்தைக் கவனிக்கிறேன்' என்று எழுதினேன். விசாரித்துப் பார்க்கிறேன் என்பதுதான் என் மனதில் இருந்தது. அந்த ஆண்டு யாருக்கும் சம்பளம் உயரவில்லை. குழுவில் ஒருவர் அந்த மின்னஞ்சலை அச்செடுத்து வந்து என் மேசையில் வைத்தார். அந்த வரிக்குக் கீழே பேனாவால் கோடு போட்டிருந்தார். அவர் மேல் தப்பே இல்லை.

உங்கள் கையில் இருப்பதை மட்டும், தேதி போட்டு எழுதுங்கள். உங்களைப் பற்றி இரண்டு வரி போதும். அப்புறம் இப்படி:

'அடுத்த இரண்டு வாரத்தில் உங்கள் ஒவ்வொருவரோடும் அரை மணி நேரம் தனியாகப் பேசுகிறேன். எது நன்றாகப் போகிறது, எது இழுபறியாக இருக்கிறது, எதில் நான் கைவைக்கக் கூடாது என்று கேட்பேன். அதுவரை வாராந்திரக் கூட்டமும் வேலைப் பங்கீடும் இப்போது போலவே தொடரும். பாதியில் நிற்கும் விஷயங்களின் முழு விவரம் எனக்கு இன்னும் தெரியாது. விசாரித்து, தெரிந்தவரை 20ஆம் தேதிக்குள் சொல்கிறேன். முடிவு வராவிட்டால் அதையும் சொல்கிறேன்.'

'பதவி உயர்வு' என்ற சொல் இதில் இல்லாததைக் கவனியுங்கள். அது அந்த இருவரின் சொந்த விஷயம். மற்ற ஆறு பேருக்கும் தெரிந்திருக்க வேண்டியதில்லை. அந்த இருவரோடான சந்திப்பை முதல் இரண்டு நாளிலேயே வைத்துக்கொள்ளுங்கள். உங்கள் இடத்துக்கு முயன்றவர் யாராவது குழுவில் இருந்தால், மின்னஞ்சல் போகும் முன்பே நேரில் ஒரு வார்த்தை பேசிவிடுங்கள்.

'இப்போது போலவே தொடரும்' என்பதும் ஒரு வாக்குதான். அனுப்பும் முன் உங்கள் மேலதிகாரியிடம், இந்த இரண்டு வாரத்தில் குழுவில் ஏதாவது மாற்றம் வருகிறதா என்று நேரடியாகக் கேளுங்கள். வரும் என்றாலோ, மழுப்பினாலோ, அந்த வரி வேண்டாம். சந்திப்புகளுக்கு மொத்தம் நாலு மணி நேரம் ஆகும். அதை நாட்காட்டியில் ஒதுக்கிவிட்டே அனுப்புங்கள். முதல் வாரத்திலேயே இரண்டு சந்திப்பைத் தள்ளிப்போட்டால், மின்னஞ்சலின் மற்ற வரிகளையும் யாரும் நம்ப மாட்டார்கள்.

20ஆம் தேதி ஒரு தகவலும் கிடைத்திருக்காது என்றே வைத்துக்கொள்வோம். அன்றைக்கும் 'இன்னும் பதில் வரவில்லை, அடுத்த வெள்ளிக்கிழமை மறுபடி சொல்கிறேன்' என்று எழுதி அனுப்பிவிடுங்கள்.