தொண்ணூறு கேட்டால் போதாது

கேள்வி: பதினைந்து ஆண்டுகளாக மாதம் 20,000 ஓய்வூதியம் வாங்குகிறேன். ஒரு காசுகூட ஏறவில்லை. விலைவாசியோ ஆண்டுக்கு 6 சதவீதம் ஏறிக்கொண்டே இருக்கிறது. ஆகவே 90 சதவீத உயர்வு கேட்டு மனு எழுதப் போகிறேன். என் நண்பரோ, ‘ஓய்வூதியத்தின் மதிப்பு 58 சதவீதம்தான் குறைந்திருக்கிறது, அதைக் கேட்டால் போதும்’ என்கிறார். யார் சொல்வது சரி?

பதில்: இருவருமே குறைத்துக் கேட்கிறீர்கள். மனுவில் இருக்க வேண்டிய எண் 140.

கால்குலேட்டரை எடுத்து 20,000 என்று அழுத்தி 1.06 ஆல் பெருக்குங்கள். 21,200 வரும். முதல் ஆண்டு முடிவில், பழைய 20,000-க்கு வாங்கியதை வாங்க இவ்வளவு வேண்டும். விடையை மறுபடியும் 1.06 ஆல் பெருக்கினால் 22,472. உங்கள் கணக்குப்படி 22,400 தானே வந்திருக்க வேண்டும்? அந்த 72 எங்கிருந்து வந்தது என்றால், முதல் ஆண்டு ஏறிய 1,200-இன் மேலும் 6 சதவீதம் ஏறியிருக்கிறது. விலையேற்றம் தனி வட்டி அல்ல, கூட்டு வட்டி. பதினைந்து முறை பெருக்கி முடித்தால் ஏறத்தாழ 47,930 வரும். அதாவது சுமார் 2.4 மடங்கு. உயர்வு 140 சதவீதம்.

நண்பர் சொன்ன 58 பிழையான எண் அல்ல. பொருந்தாத இடத்தில் வைத்த எண். 20,000-ஐ 2.4 ஆல் வகுத்தால் சுமார் 8,330 வரும். இன்று நீங்கள் வாங்கும் 20,000, அன்றைய 8,330-க்குத்தான் சமம். இழப்பு 58 சதவீதம். ஆனால் இழப்பை அன்றைய முழுத் தொகையில் அளக்கிறோம். உயர்வையோ தேய்ந்து நிற்கும் மீதியிலிருந்து அளக்க வேண்டியிருக்கிறது. நூறு ஐம்பதானால் இழப்பு 50 சதவீதம். ஐம்பதை நூறாக்க 100 சதவீதம் வேண்டும். 58 சதவீத உயர்வு கிடைத்தால் கைக்கு 31,600 வரும். அது அன்றைய 13,200-க்கு மேல் போகாது.

இனி, 6 சதவீதம் என்ற எண்ணை எங்கே பிடித்தீர்கள்? ‘சராசரியாக இவ்வளவு’ என்று மனுவில் எழுதினால் முதல் கேள்வியே அதுவாகத்தான் இருக்கும். நுகர்வோர் விலைக் குறியீட்டு எண்ணை வைத்துக் கணக்கிடுங்கள். ஓய்வூதியம் தொடங்கிய மாதத்தின் எண்ணால் இப்போதைய மாதத்தின் எண்ணை வகுத்தால் எத்தனை மடங்கு என்று நேராகவே கிடைத்துவிடும்.

இதில் பலர் சறுக்கும் இடம் ஒன்று உண்டு. அடிப்படை ஆண்டை, அதாவது விலையை 100 என்று வைத்து ஒப்பிடும் ஆண்டை, இடையில் மாற்றினால் குறியீட்டு எண் மறுபடி 100-இலிருந்து தொடங்கும். நீங்கள் ஓய்வுபெற்றபோது பழைய வரிசையில் 150, இன்று புதிய வரிசையில் 180 என்று வைத்துக்கொள்ளுங்கள். அப்படியே வகுத்தால் 1.2, பதினைந்து ஆண்டில் விலை 20 சதவீதம்தான் ஏறியது போலத் தோன்றும். நம்ப முடியாத அளவுக்குச் சிறிய விடை வந்தாலே சந்தேகப்படுங்கள். இரு வரிசைகளையும் சேர்க்கும் இணைப்புக் காரணியைத் தேடி எடுங்கள். அது 2 என்றால் இன்றைய எண் பழைய வரிசையில் 360. மடங்கு 2.4. (குறியீடு சராசரிக் குடும்பத்தின் செலவுக்கானது. மருந்துச் செலவு மிகுந்தவருக்கு உண்மையான மடங்கு வேறாக இருக்கலாம். ஆனால் அதை மனுவில் நிரூபிப்பது கடினம்.)

மனுவின் வாசகத்திலும் கண் வையுங்கள். ‘இனி ஆண்டுதோறும் 6 சதவீத உயர்வு’ என்று மட்டும் விட்டுவிடாதீர்கள். எதன்மேல் 6 சதவீதம்? தொடக்கத் தொகையின்மேல் என்று பொருள் கொண்டால் ஆண்டுக்கு 1,200 தான். உங்கள் பழைய ஓய்வூதியத்துக்கு முதலிலிருந்தே அப்படிக் கொடுத்திருந்தாலும் இன்று 38,000-இல்தான் நின்றிருக்கும். நீங்கள் கேட்கவிருந்த 90 சதவீதமும் அதுதான்! ‘அந்தந்த ஆண்டு பெறும் தொகையின்மேல், குறியீட்டு எண் ஏறிய விகிதத்தில்’ என்று எழுதுங்கள். விகிதத்தை நிலையாக 4 என்று கட்டிவிட்டால், விலை 6 ஏறிக்கொண்டிருந்தால் பதினைந்து ஆண்டில் மறுபடியும் கால்பங்கு கரைந்துவிடும்.

47,930 கிடைத்தாலும் அது இன்றிலிருந்துதான். கடந்த பதினைந்து ஆண்டுகளில், ஆண்டு முடிவுதோறும் விலைக்கேற்ப உயர்த்தியிருந்தால் கூடுதலாக வந்திருக்க வேண்டிய தொகை சுமார் 19.86 லட்சம். நீங்கள் இப்போது வாங்கும் ஓய்வூதியத்தில் எட்டு ஆண்டுகளுக்கும் மேலானது அது. அதையும் கேட்பதானால், ‘நிலுவை’ என்று தலைப்பிட்டுத் தனிக் கோரிக்கையாக எழுதுங்கள். ஒன்று மறுக்கப்பட்டால் மற்றது அதோடு சேர்ந்து விழாமல் இருக்கும்.