முட்டைச் செய்தி ஏன் மாறிக்கொண்டே இருக்கிறது?

கேள்வி: வீட்டுக்காரருக்குச் சர்க்கரை இருக்குதுங்க. காலையில் ரெண்டு அவிச்ச முட்டை சாப்பிடுவார். முட்டை இதயத்துக்குக் கேடு என்று பேப்பரில் போட்டான், நிறுத்தினேன். நல்லது என்று இன்னொரு நாள் போட்டான், மறுபடி கொடுத்தேன். எதைத்தானுங்க நம்புவது?
- வாசகி, ராசிபுரம்

பதில்: ரெண்டு செய்தியும் பொய்யில்லை அம்மணி. ஆனால் ரெண்டுமே, யார் என்ன சாப்பிடுகிறார்கள் என்று கேட்டு எழுதிக்கொண்டு, அப்புறம் யாருக்கு நோய் வருகிறது என்று பார்த்திருந்த ஆய்வுகள். யாரையும் முட்டை சாப்பிடு, சாப்பிடாதே என்று சொல்லவில்லை.

சிக்கல் அங்கேதான். ஜிம்முக்குப் போய்விட்டு அவிச்ச முட்டை சாப்பிடும் நாமக்கல் பையனும், ராத்திரி பரோட்டாவோடு ஆஃபாயில் தின்றுவிட்டு பீடி பற்றவைக்கும் லாரி டிரைவரும், கேட்டால் ‘தினமும் முட்டை’ என்றுதான் சொல்வார்கள். நாளைக்கு டிரைவருக்கு நெஞ்சு வலி வந்தால் அது முட்டையாலா, பீடியாலா? புகை, எடை, வருமானம் எல்லாவற்றையும் கணக்கில் கழித்துத்தான் பார்க்கிறார்கள். ஆனால் சரியாக அளக்காததைக் கழிக்க முடியாது.

2019-இல் வந்த அமெரிக்க ஆய்வில் சுமார் 29,600 பேர். தினமும் அரை முட்டை கூடுதலாகச் சாப்பிட்டவர்களுக்கு இதய நோய் 6 சதவீதம் அதிகம். அவர்களைப் பார்த்திருந்த அத்தனை வருடத்திலும் சேர்த்து நூறு பேருக்கு ஒருவர் கூடுதல், அவ்வளவுதான். அதிலும் சாப்பாட்டைப் பற்றி ஆரம்பத்தில் ஒரே முறை கேட்டதோடு சரி. முந்தின வருடம் வந்த சீன ஆய்வில் நாலு லட்சம் பேருக்கு மேல். தினமும் முட்டை சாப்பிட்டவர்களுக்கு இதய நோய்ச் சாவு 18 சதவீதம் குறைவு. ஆனால் அங்கே தினமும் முட்டை சாப்பிட்டவர்கள் படிப்பிலும் வசதியிலும் ஒரு படி மேலே. இன்னொன்று, உங்களுக்கு முக்கியமானது: சர்க்கரை உள்ளவர்களை அந்தக் கணக்கில் சேர்க்கவே இல்லை.

யாருக்கு எது என்று குலுக்கிப் போட்டுப் பிரித்தால் பீடிக்காரரும் ஜிம் பையனும் ரெண்டு பக்கமும் ஏறக்குறைய சமமாக விழுவார்கள். சிட்னியில் அப்படிச் செய்தார்கள். சர்க்கரை உள்ளவர்களும் அதன் விளிம்பில் இருப்பவர்களுமாக 140 பேர். ஒரு பாதிக்கு வாரம் 12 முட்டை, மறு பாதிக்கு ரெண்டுக்கும் குறைவு. மூன்று மாதம் கழித்துப் பார்த்தால் கொலஸ்ட்ராலில் வித்தியாசமில்லை. பணம் கொடுத்தது முட்டைத் தொழில் அமைப்பு என்பதையும் சொல்லிவிடுகிறேன். ரெண்டு பக்கத்தாரையும் நல்ல வகைக் கொழுப்புக்கு மாறச் சொல்லியிருந்தார்கள். மூன்று மாதத்தில் மாரடைப்பைப் பற்றியும் எதுவும் தெரியாது. அதற்கு ஆயிரக்கணக்கானோர் பல வருடம் சொன்னபடியே சாப்பிட வேண்டும். யார் கேட்பார்கள்?

அதனால் முட்டையைத் தொடரட்டும், பேப்பரைப் பார்த்து மாற்ற வேண்டாம். இப்போது ஒரு முறை கொழுப்புப் பரிசோதனை எடுங்கள். மற்ற சாப்பாட்டையும் மாத்திரையையும் மாற்றாமல் மூன்று மாதம் கழித்து மறுபடி எடுங்கள். கெட்ட கொலஸ்ட்ரால் ஏறியிருந்தால், ரெண்டு சீட்டையும் சர்க்கரை டாக்டரிடம் காட்டி, மஞ்சள் கருவைக் குறைக்கலாமா என்று கேளுங்கள்.