விட்ட காச பிடிக்கப் போறதும், நடுவுல நிறுத்துறதும்: ஆப்ஷன் டிரேடிங் கேள்வி பதில்

ஏழெட்டு வருஷமா நிஃப்டி ஆப்ஷன் வாங்கி வித்துட்டு இருக்கேன். லாபம் பண்றது எப்படின்னு இங்க சொல்லப் போறதில்ல. நஷ்டம் ஆன நாள்ல அடுத்த ரெண்டு மணி நேரத்துல என்ன நடக்குது, அத எங்க வெட்டுறதுங்கறத மட்டும் கேளுங்க, தெரிஞ்சத சொல்றேன்.

ஈரோட்டுல இருந்து ஒருத்தர்: அண்ணா, காலைல 3,000 போனா அதோட நிறுத்தணும்னு தெரியும். ஆனா மதியம் பாத்தா 20,000 போயிருக்கு. நடுவுல என்னதான் ஆகுது?

தம்பி, எனக்கு நடந்ததையே சொல்றேன், 2025 பிப்ரவரில ஒரு வியாழக்கிழமை, அப்போ நிஃப்டி வீக்லி எக்ஸ்பைரி வியாழன்தான், ஒரு லாட்னா 75 ஆப்ஷன். அக்கவுண்ட்ல 1 லட்சம். ஏறும்னு ஒரு லாட் கால் 90க்கு வாங்கி 70ல வெளிய வந்தேன், 1,500 போச்சு. உடனே திரும்பி, எறங்கும்னு புட் 80க்கு வாங்கினேன், அது 60ல ஸ்டாப் லாஸ், அதான் எஸ்எல், அடிச்சுது, இன்னொரு 1,500. மணி பத்தே முக்கால். என் லிமிட்டே 3,000தான், அங்கயே முடிஞ்சிருக்கணும்.

அப்பத்தான் மனசு கணக்க மாத்துச்சு. ஒரு லாட்ல 3,000 எடுக்க 40 பாயிண்ட் வேணும், மூணு லாட் போட்டா 14 பாயிண்ட் போதுமேன்னு தோணுச்சு. கால் 60க்கு 225 வாங்கினேன். 45ல வெட்டணும்னு மனசுக்குள்ள மட்டும் வச்சிருந்தேன், ஆர்டரா போடல. 45 வந்துச்சு, வெட்டல. 40 வந்ததும் இன்னொரு 225 வாங்கினேன், ஆவரேஜ் 50 ஆச்சு, பத்து பாயிண்ட் ஏறினா இந்த டிரேட் அசலுக்கு வந்துடும்னு பாக்க ரொம்ப பக்கமா தெரிஞ்சுது. நிஃப்டி பெருசா எங்கயும் போகல, ஆனா எக்ஸ்பைரி நாள்ல பிரீமியம் ஐஸ் மாதிரி கரையும் இல்லையா, ரெண்டு மணி வாக்குல 12ல தூக்கிப் போட்டேன். 450 இண்ட்டு 38, 17,100. காலைல போனதையும் சேத்து 20,100, புரோக்கரேஜ் வரியெல்லாம் தனி. 45லயே வெட்டியிருந்தா அந்த டிரேட்ல 3,375தான் போயிருக்கும்.

இங்க கவனிக்க வேண்டியது, மூணாவது டிரேட் எடுக்கறப்போ நான் சார்ட்ட பாக்கவே இல்ல, சிவப்பு நம்பரத்தான் பாத்துட்டு இருந்தேன். லாட் சைஸ முடிவு பண்ணது மார்க்கெட் இல்ல, என் நஷ்டம்.

சென்னை, ஐடி வேலை: சார், இது நம்ம மாதிரி சில்லறை ஆளுங்க பிரச்சனைதானே, ப்ரொஃபஷனல்ஸ்க்கு இப்படி ஆகாது?

ஆகும் சார். சிகாகோ போர்ட் ஆஃப் டிரேடுல பாண்ட் ஃபியூச்சர்ஸ் பண்ற முழுநேர டிரேடர்கள வச்சு கோவல், ஷம்வேனு ரெண்டு பேர் ஆராய்ச்சி பண்ணாங்க, 2005ல வெளிவந்தது. காலைல நஷ்டம் பாத்தவங்க மதியம் வழக்கத்த விட அதிக ரிஸ்க் எடுக்கறாங்கன்னு அதுல வந்துச்சு. அவங்களுக்கு அதுதான் தொழிலே, அப்படியும். அதுக்கு முன்னாடியே 1990ல தேலர், ஜான்சன் ரெண்டு பேரும், நஷ்டத்துல இருக்கறவனுக்கு அசலுக்கு திரும்பிடலாம்ங்கற வாய்ப்பு மேல ஒரு தனி இழுப்பு வருதுன்னு காட்டிட்டாங்க.

அதனால இத ஒழுக்கமில்லாதவன் பிரச்சனைன்னு நினைச்சா தப்பா போகும், ஏன்னா நாம ஒழுக்கமானவன்னு நினைச்சுக்கிட்டு எந்த தடுப்பும் போடாம உக்காந்திருப்போம்.

மதுரை, கடை வச்சிருக்கேன்: கேப்பிடல் பெருசா இருந்தா ஒவ்வொரு தடவையும் டபுள் பண்ணிக்கிட்டே போகலாமே, ஒரு தடவை ஜெயிச்சா எல்லாம் திரும்பிடும். கணக்கு சரிதானே அண்ணே?

முடிவே இல்லாத காசு இருந்தா சரி அண்ணே. 1,500ல ஆரம்பிங்க, அடுத்து 3,000, 6,000, 12,000, 24,000. அஞ்சு தடவை தொடர்ந்து தோத்தா 46,500 போச்சு. ஆறாவதுக்கு 48,000 வைக்கணும், அதுவும் போனா 1 லட்சத்துல 5,500தான் மிச்சம். இவ்வளவும் எதுக்கு? ஜெயிச்சா கையில நிக்கற லாபம் அதே 1,500. டிரேடிங்ல ஒரே நாள்ல ஆறு தடவை தோக்கறது அபூர்வம் இல்ல, மார்க்கெட் ஒரே இடத்துல ஆடிட்டு இருந்தா சாதாரணமா நடக்கும்.

பெரிய கேப்பிடல்னு சொன்னீங்களே, பேரிங்ஸ்னு லண்டன்ல 1762ல ஆரம்பிச்ச பேங்க். சிங்கப்பூர்ல நிக் லீசன்னு ஒருத்தர் அதோட நஷ்டத்த 88888ங்கற அக்கவுண்ட்ல மறைச்சு வச்சு, மீட்கறதுக்கு பெருசு பெருசா போட்டுக்கிட்டே போனாரு. 1995 ஜனவரில கோபே பூகம்பம் வந்து ஜப்பான் மார்க்கெட் விழுந்துச்சு, அப்பவும் நிறுத்தாம இன்னும் வாங்கினாரு. கடைசில 827 மில்லியன் பவுண்ட் நஷ்டம், பேங்கே மூழ்கிப் போச்சு, ஐஎன்ஜி அத 1 பவுண்டுக்கு வாங்குச்சு. ஒரு பேங்க் பணமே பத்தல.

பேர் வேண்டாம்: ஆவரேஜ் பண்றதே தப்புன்னு சொல்ற மாதிரி இருக்கு. நான் மூணு பங்கா பிரிச்சு வாங்கறவன், நல்லாத்தான் போகுது.

பாதி ஒத்துக்கறேன். உள்ள போறதுக்கு முன்னாடியே "மூணு தடவையா வாங்குவேன், மொத்தமும் தப்பானா 2,000க்கு மேல போகாது"ன்னு எழுதி வச்சு வாங்கறது வேற. நான் பண்ணது அது இல்ல, ரெண்டாவது 225 என் பிளான்லயே கிடையாது, விலை எறங்கினதாலதான் பிறந்துச்சு. உங்களோடது எதுன்னு உங்களுக்கே தெரியும், அந்த மூணாவது பங்குக்கு அப்புறம் நாலாவது என்னைக்காவது வந்திருக்கான்னு மட்டும் பழைய ஆர்டர் புக்க எடுத்துப் பாருங்க.

ஒரு விஷயம், நல்ல கம்பெனி ஷேர்ல ஆவரேஜ் பண்ணவனுக்கு காத்திருக்க நேரம் இருக்கு. வாங்கின ஆப்ஷன்ல நேரமே எதிரி.

திருச்சி, காலேஜ் முடிச்சு ரெண்டு வருஷம்: அண்ணா, போட்ட காச மறக்க சொல்றாங்க. எப்படி மறக்கறது? கண்ணு முன்னாடி மைனஸ்ல நிக்குது.

மறக்க முடியாது தம்பி, யாராலயும் முடியாது. மறக்கறதுக்கு பதிலா கேள்விய மாத்தலாம். என் கதையில பன்னெண்டு மணிக்கு பிரீமியம் 30ல இருந்துச்சு. அப்போ என்கிட்ட இருந்தது 450 இண்ட்டு 30, 13,500 ரூபா. போனது 9,000. அந்த 9,000 நான் வித்தாலும் போச்சு, வச்சிருந்தாலும் போச்சு. அப்போ நான் கேட்டிருக்க வேண்டியது இதுதான்: பொசிஷனே இல்லாம கையில 13,500 காசா இருந்தா, எக்ஸ்பைரிக்கு மூணரை மணி நேரம் இருக்கற இதே ஸ்ட்ரைக்க 30க்கு 450 இப்போ புதுசா வாங்குவேனா? வாங்க மாட்டேன், ஒரு லாட் கூட வாங்கியிருக்க மாட்டேன். அப்போ வச்சிருக்கறதுக்கும் காரணம் இல்ல.

இத வாய் விட்டு கேளுங்க, ஸ்ட்ரைக், விலை, மீதி நேரம் மூணையும் சொல்லி. மனசுக்குள்ள கேட்டா மனசு "இல்ல, திரும்பும்"னு வழவழன்னு பதில் சொல்லும். பதில் "ஒரு லாட்டுன்னா வாங்குவேன்"னு வந்தா, ஒரு லாட்ட வச்சுட்டு மீதிய வித்துடுங்க, பாதியா வெளிய வரவும் வழி இருக்கு.

கோவை: லிமிட் தாண்டின அந்த நிமிஷத்துல கையால என்ன செய்யணும்? தத்துவம் வேண்டாம், வரிசையா சொல்லுங்க.

முதல்ல பொசிஷன் எல்லாத்தையும் ஸ்கொயர் ஆஃப். உடனே ஆர்டர் புக் போய் தொங்கிட்டு இருக்கற ஆர்டர எல்லாம் கேன்சல் பண்ணுங்க, இத நிறைய பேர் விட்டுடறாங்க. நீங்க கையால வித்த பிறகும் பழைய எஸ்எல் விக்கற ஆர்டர் அப்படியே கிடந்தா, விலை அங்க வந்தப்போ அது அடிச்சு, கையில இல்லாத ஆப்ஷன வித்த மாதிரி புதுசா ஒரு ஷார்ட் பொசிஷன் திறந்துடும். மார்ஜின் இருந்தா போதும், அது பாட்டுக்கு போயிடும். நிறுத்த வந்தவனுக்கு அதுவே அடுத்த ரவுண்டு.

ரெண்டும் காலி ஆனதும் கில் ஸ்விட்ச். இப்போ பல புரோக்கர்ல இருக்கு, எஃப் அண்ட் ஓ செக்மெண்ட்டயே ஆஃப் பண்ணிடும், சிலதுல 12 மணி நேரம் வரைக்கும் நாமளே கேட்டாலும் திறக்காது. பொசிஷன் திறந்திருந்தா பெரும்பாலும் ஆன் ஆகாது, அதனாலதான் இந்த வரிசை. மார்க்கெட் இல்லாத ஒரு சனிக்கிழமை அது எந்த மெனுவுல இருக்குன்னு தேடி வச்சுக்கங்க, பதட்டத்துல தேடினா கிடைக்காது, கிடைக்கலன்னு இன்னொரு டிரேட் எடுப்பீங்க.

அடுத்தது யுபிஐ. கில் ஸ்விட்ச் ஒரு ஆப்பத்தான் பூட்டும், இன்னொரு புரோக்கர்ல அக்கவுண்ட் இருந்தா அஞ்சு நிமிஷத்துல காசு அங்க போயிடும். டிரேடிங்குக்கு தனி பேங்க் அக்கவுண்ட், அதுல அந்த மாசத்து பணம் மட்டும், சம்பள அக்கவுண்ட் எந்த டிரேடிங் ஆப்போடயும் சேர்க்காம இருக்கணும். மார்க்கெட் நேரத்துல காசு ஏத்தற அந்த ஒரு தடவைதான் பெரிய நஷ்டம் ஆன நாள்ங்க எல்லாத்துலயும் நான் பாத்தது.

சேலம்: நான் எஸ்எல்ல வெளிய வந்த பிறகு தான் மார்க்கெட் என் பக்கம் திரும்புது. எப்பவும். அப்போ நிறுத்தினா நஷ்டம் தானே?

எப்பவுமா, இல்ல திரும்பினது மட்டும் ஞாபகம் இருக்கா? முப்பது டிரேட் எழுதுங்க, வெளிய வந்த ஒரு மணி நேரம் கழிச்சு விலை எங்க இருந்துச்சுன்னு. நெஜமாவே பாதிக்கு மேல திரும்பியிருந்தா உங்க எஸ்எல் ரொம்ப நெருக்கமா இருக்கு, அத தள்ளி வச்சு லாட்ட குறைங்க. என்ன வரும்னு உங்க நோட்ட பாக்காம நான் சொல்ல முடியாது. ஆனா அன்னைக்கு லிமிட் முடிஞ்ச பிறகு திரும்ப உள்ள போறதுக்கு அது காரணம் ஆகாது.

பேர் சொல்லல: அண்ணா என் கேஸ் ஆன்லைன் ரம்மி, நாலு லட்சம் கடன். வீட்டுக்கு தெரியாது. இந்த முறை ரம்மிக்கும் சரி வருமா?

தம்பி, இதுக்கு வேற பதில். பணம் வச்சு ஆடற ஆன்லைன் ஆட்டத்த 2025ல மத்திய சட்டமே தடை பண்ணியிருக்கு, இன்னும் ஆட விடற ஆப் எதுலயாவது இருந்தா உங்க காசுக்கு பாதுகாப்பே கிடையாது. அங்க லிமிட் வச்சு ஆடறதுன்னு ஒண்ணும் வேண்டாம், ஆப்ப எடுத்துடுங்க. நாலு லட்சத்த ஆடி அடைக்க முடியாது, சம்பளத்துலதான் அடைக்கணும், அதுக்கு வீட்ல ஒருத்தர் கிட்டயாவது முழு தொகையையும் சொல்லணும். குறைச்சு சொன்னா மறைச்ச மிச்சத்துக்காக திரும்ப ஆடுவீங்க. ராத்திரி தூக்கம் வராம தப்பான எண்ணம் வந்தா 14416க்கு கூப்பிடுங்க, டெலி மானஸ், அரசாங்கத்தோடது, இலவசம், தமிழ்ல பேசுவாங்க. இன்னைக்கே கூப்பிடுங்க.

ஓசூர், ஒரு அக்கா: என் வீட்டுக்காரர் நஷ்டம் ஆன அன்னைக்கு நிறுத்திடறாரு, ஆனா மறுநாள் காலைல 9:15க்கே ரெண்டு மடங்கு போடறாரு. இது நிறுத்தினதா?

இல்லக்கா, ராத்திரி மட்டும்தான் நடுவுல வந்திருக்கு. நேத்து போனத இன்னைக்கு லாட் சைஸ்ல சேத்தா அதே செஷன்தான் தொடருது. நான் வச்சிருக்கறது, லிமிட் அடிச்ச மறுநாள் ஒரு லாட்டுக்கு மேல கிடையாது, முதல் அரை மணி நேரம் டிரேடே கிடையாது. இதுல எனக்கே இன்னும் தெளிவில்லாத ஒரு இடம் இருக்கு, ஒரு நாள் போதுமா மூணு நாள் வேணுமான்னு, சிலர் ஒரு வாரம் விடறாங்க. அவர் கிட்ட பேசறப்போ எவ்வளவு போச்சுன்னு ஆரம்பிக்காதீங்க, அந்த நம்பர கேட்டா மீட்கணும்னு வேகம்தான் கூடும். நாளைக்கு எத்தன லாட்டுன்னு ஒரு பேப்பர்ல எழுதி உங்க கிட்ட குடுத்துட்டு லாகின் பண்ண சொல்லுங்க, சாயங்காலம் ஆர்டர் புக்கையும் அந்த பேப்பரையும் ரெண்டு பேரும் சேந்து பாருங்க.