தலைவலி வந்தாலே இணையத்தில் தேடுகிறேன், தேடினால் பயம் கூடுகிறது: எப்படி நிறுத்துவது?

"ஐந்து வருடமாகத் தலைவலி. பயப்பட ஒன்றுமில்லை என்று டாக்டர் சொல்லிவிட்டார். ஆனாலும் வலி வரும்போதெல்லாம் போனை எடுத்துத் தேடிவிடுகிறேன். படிக்கப் படிக்கப் பயம்தான் கூடுகிறது. தேடாமலும் இருக்க முடியவில்லை. இதே நிலையில் இருந்தவர்கள் யாராவது சொல்லுங்களேன்."

நான் டாக்டர் இல்லை. பதினோரு வருடத் தலைவலிக்காரன். அதில் மூன்று வருடம் நீங்கள் சொல்வதை அப்படியே செய்தவன்.

என் இரவுகள் இப்படிப் போகும். போன் வெளிச்சத்தைக் குறைத்துக்கொண்டு ஒருக்களித்துப் படுத்திருப்பேன். ஒரு கை தேடும். இன்னொரு கையின் இரண்டு விரல்கள் நெற்றிப்பொட்டை அழுத்திக்கொண்டிருக்கும், வலி இன்னும் இருக்கிறதா என்று பார்க்க. அழுத்தினால் வலிக்காமல் என்ன செய்யும்? நடுவில் ஒரு கண்ணை மூடி, மற்றக் கண்ணால் எழுத்து மங்குகிறதா என்று சோதிப்பேன். இரவு ஒரு மணிக்கு யாருக்குத்தான் மங்காது!

ஒருநாள் "மூளைக் கட்டியின் தலைவலி காலையில் அதிகமாக இருக்கும்" என்று படித்தேன். மறுநாளிலிருந்து கண் விழித்ததும் முதல் வேலை, தலைக்குள் வலியைத் தேடுவது. அது அங்கே இருந்தது. ஒருநாள் தவறாமல் இருந்தது. அந்தக் காலை வலிக்குப் பிறகு வருகிறேன், ஏனென்றால் கதையின் முடிச்சே அங்கேதான் இருக்கிறது.

முதலில், நாம் படிப்பதை ஏன் தலைகீழாகப் புரிந்துகொள்கிறோம் என்பதைச் சொல்கிறேன். "மூளைக் கட்டி வந்தவர்களில் ஏறத்தாழ பாதிப் பேருக்குத் தலைவலி இருக்கும்" என்ற வரி உண்மைதான். நடு இரவில் அதை நாம் "தலைவலி இருந்தால் கட்டியாக இருக்கப் பாதி வாய்ப்பு" என்று படித்துவிடுகிறோம். ஒரு லட்சம் பேரை எடுத்துக்கொள்ளுங்கள். ஒரு வருடத்தில் அவர்களில் பாதிப் பேருக்காவது, அதாவது 50,000 பேருக்காவது, தலைவலி வந்திருக்கும். அதே வருடத்தில் புதிதாக மூளைக் கட்டி கண்டுபிடிக்கப்படுவது, புற்றுநோய் அல்லாத கட்டிகளையும் சேர்த்து, சுமார் 20 முதல் 25 பேருக்கு. அதில் பாதி என்றால் பத்துப் பன்னிரண்டு பேர். 50,000 பேரில் பத்துப் பன்னிரண்டு! அவர்களிலும் வேறு எந்த அறிகுறியும் இல்லாமல் வெறும் தலைவலி மட்டும் இருப்பவர்கள் மிகக் குறைவு.

தேடுபொறிக்கு இந்தக் கணக்கு தெரியாது. எது அதிகம் எழுதப்பட்டிருக்கிறது, எது அதிகம் சொடுக்கப்படுகிறது என்பதுதான் அதற்குத் தெரியும். மைக்ரோசாஃப்ட் ஆராய்ச்சிப் பிரிவின் ரயன் ஒயிட், எரிக் ஹோர்விட்ஸ் இருவரும் 2009இல் வெளியிட்ட ஆய்வில் இதைச் சோதித்திருக்கிறார்கள். தலைவலி என்று தேடினால் வரும் பக்கங்களில், காஃபீனை நிறுத்தியதால் வரும் தலைவலிக்குக் கிடைத்த இடம் மூளைக் கட்டிக்கும் கிடைத்திருந்தது. நிஜத்தில் இரண்டும் மலையும் மடுவும். சாதாரண அறிகுறியில் தொடங்கிப் பெரிய நோயில் போய் முடியும் இந்தத் தேடலுக்கு 'சைபர்காண்ட்ரியா' என்று பெயர்.

சரி, ஸ்கேன் எடுத்துவிட்டால் தீர்ந்துவிடும் என்று நினைப்பீர்கள். நானும் நினைத்தேன், அடம்பிடித்து எம்ஆர்ஐ எடுத்தேன். ஐந்து வாரம் நிம்மதி. ஆறாவது வாரம் "எம்ஆர்ஐயில் தெரியாத கட்டி" என்று தேடிக்கொண்டிருந்தேன். போதாததற்கு ரிப்போர்ட்டில் "குறிப்பிட்ட காரணம் சொல்ல முடியாத சில சிறு வெண்புள்ளிகள்" என்று ஒரு வரி. ஒற்றைத் தலைவலி உள்ளவர்களிடம் இது அடிக்கடி தென்படுவதுதான், பெரும்பாலும் பொருட்படுத்த வேண்டியதில்லை என்று டாக்டர் சொன்னார். எனக்கு அது அடுத்த மூன்று மாதத்துக்கான தீனி ஆயிற்று. இதில் நான் தனி ஆள் இல்லை. நாள்பட்ட தலைவலிக்காரர்கள் 150 பேரை வைத்து நடந்து, 2005இல் வெளியான ஓர் ஆய்வில், ஸ்கேன் வாய்ப்புப் பெற்றவர்களின் கவலை மூன்று மாதத்தில் குறைந்திருந்தது. ஒரு வருடம் கழித்துப் பார்த்தபோது அந்த ஆறுதல் நிலைக்கவில்லை. தேவையென்று டாக்டர் சொன்னால் ஸ்கேன் எடுக்கத்தான் வேண்டும். பயத்துக்கு மருந்தாக எடுத்தால் அதன் வீரியம் சில வாரம்தான்.

இப்போது அந்தக் காலை வலி. இரண்டாவதாகப் பார்த்த நரம்பியல் டாக்டர் என் பத்துப் பக்க அச்சுப்பிரதிகளை ஓரமாக வைத்துவிட்டு ஒரே ஒரு கேள்வி கேட்டார். "மாசத்துல எத்தனை நாள் மாத்திரை போடுறீங்க?"

"வலி வந்தா மட்டும்தான் டாக்டர்."

"அது எத்தனை நாள்?"

எனக்குத் தெரியவில்லை. மூன்று வருடம் தேடியவன் இதை ஒருமுறைகூட எண்ணிப் பார்க்கவில்லை. நான்கு வாரம் ஒரு தாளில் குறித்து வரச் சொன்னார். தேதி, வலி தொடங்கிய நேரம், பத்துக்கு எத்தனை, மாத்திரை போட்டேனா, எப்படித் தூங்கினேன். நான் சிரித்துக்கொண்டே "தேடினேனா" என்று ஒரு கட்டத்தையும் சேர்த்தேன். அதுதான் கடைசியில் பெரிதாக உதவியது.

28 நாளில் 22 நாள் வலி. 19 நாள் மாத்திரை. 16 இரவு தேடல். அந்த 16 இரவுகளில் 13இல், தேடி முடித்த பிறகுதான் மாத்திரை போட்டிருக்கிறேன். வலி நாலோ ஐந்தோதான் இருந்திருக்கும், பயத்தில் விழுங்கியிருக்கிறேன்.

என்னுடையது காஃபீன் கலந்த கூட்டு மாத்திரை. ஏற்கெனவே தலைவலி நோய் உள்ளவர், இப்படிப்பட்ட கூட்டு மாத்திரைகளையோ, ஒற்றைத் தலைவலிக்குக் கொடுக்கும் டிரிப்டான் வகையையோ மாதத்தில் 10 நாளோ அதற்கு மேலோ, மூன்று மாதத்துக்கும் மேலாகப் போட்டால், மாத்திரையே தலைவலியை வளர்க்கத் தொடங்கிவிடலாம். வெறும் பாராசிட்டமால், இபுபுரூஃபன் என்றால் அந்த எல்லை 15 நாள். அப்படி ஆகிவிட்டால் தலைவலி மாதத்தில் 15 நாளுக்குக் குறையாமல் வரும். இரவில் போட்டதன் வேகம் விடியும்போது இறங்கிவிடுவதால் காலையில் வலியோடு எழுவதும் இதில் வழக்கம். அதாவது, கட்டி என்று நான் நடுங்கிய அந்தக் காலை வலி, நடுங்கி விழுங்கிய மாத்திரையிலிருந்து வந்தது. பயம், தேடல், மாத்திரை, காலை வலி, மறுபடி பயம். மூன்று வருடம் இந்தச் செக்கைச் சுற்றியிருக்கிறேன்.

இந்தத் தகவலும் இணையத்தில் இருந்ததுதான். நான் தேடியது எப்போதும் "இது கட்டியா?" என்பதை மட்டும்தான்.

மாத்திரையை டாக்டர் சொன்னபடி நிறுத்தினேன், வலி வராமல் தடுக்கும் மருந்து ஒன்றையும் தொடங்கினார். இதை நீங்களாகச் செய்யாதீர்கள். ஓபியாய்டு எனும் வலுவான வலி மருந்து போன்ற சில வகைகளைத் திடீரென்று நிறுத்தக் கூடாது. அவர் அன்று ஒரு தாளில் எழுதிக் கொடுத்தார்: "இரண்டாம் நாளிலிருந்து பத்தாம் நாள் வரை வலி கூடும். குமட்டல், தூக்கமின்மை, படபடப்பு வரலாம். இது எதிர்பார்த்ததே." நான்காம் நாள் இரவு தலை பிளந்தது. போனை எடுத்தேன், பிறகு அந்தத் தாளை எடுத்துப் படித்தேன். போன் இதுவரை எனக்குத் தராத ஒன்று அதில் இருந்தது: என் தலையைப் பற்றி, எனக்கென்று, முன்கூட்டியே எழுதிய மூன்று வரி. மூன்றாவது மாதம் வலி நாட்கள் 9 ஆகக் குறைந்தன. முழுதாகப் போகவில்லை, எனக்கு ஒற்றைத் தலைவலி இருக்கிறது, அது இருக்கும்.

இப்போது எப்படித் தேடுகிறேன் என்று கேட்டால், முதலில் ஆபத்து அறிகுறிகளை டாக்டரோடு உட்கார்ந்து ஒரே ஒருமுறை எழுதி ஒட்டிவிட்டேன். ஒரு நிமிடத்துக்குள் உச்சத்தைத் தொடும் இடி போன்ற வலி, காய்ச்சலோடு கழுத்து விறைப்பு, கை கால் பலவீனம், பேச்சுக் குழறல், குழப்பம், திடீர்ப் பார்வைக் கோளாறு, வலிப்பு, தலையில் அடிபட்ட பிறகு வரும் வலி என்றால் தேடிக்கொண்டிருக்காமல் நேரே அவசரச் சிகிச்சைக்குப் போக வேண்டும். 50 வயதுக்கு மேல் புதிதாகத் தொடங்கும் வலி, இருமினாலோ படுத்தாலோ கூடும் வலி, வாரத்துக்கு வாரம் மோசமாகிக்கொண்டே போகும் வலி, வழக்கமான வலியின் தன்மையே மாறுவது, இவற்றுக்குத் தாமதிக்காமல் டாக்டரைப் பார்க்க வேண்டும். கர்ப்பிணிகள், அண்மையில் பிரசவமானவர்கள், புற்றுநோயோ எதிர்ப்புச் சக்திக் குறைவோ உள்ளவர்கள் புதிய தலைவலி வந்தால் காத்திருக்கக் கூடாது. பட்டியலில் ஒன்று இருந்தால் தேட நேரமில்லை. ஒன்றும் இல்லையென்றால் அன்றிரவே தேட வேண்டிய அவசரமும் இல்லை.

அப்புறம், வலி இருக்கும்போது தேடுவதில்லை. கேள்வியைத் தாளில் எழுதி வைத்து, மறுநாள் பகலில் பார்ப்பேன். பாதிக் கேள்விகள் பகல் வெளிச்சத்தில் வெட்கப்பட்டு நிற்கும். மிச்சத்தைத் தேடும்போது அறிகுறியை எழுதாமல், டாக்டர் சொன்ன நோயின் பெயரையும் நான் எடுக்க வேண்டிய முடிவையும் எழுதுவேன். "இடது பக்கத் தலைவலி காரணம்" என்று தேடினால் பூதம்தான் கிளம்பும். "ஒற்றைத் தலைவலி தடுப்பு மருந்து எத்தனை வாரத்தில் வேலை செய்யும்" என்று தேடினால் ஒரு பதில் கிடைக்கும், அதோடு முடியும். தொடங்கிய கேள்வியை விட்டுவிட்டு வேறொரு நோயின் பெயரைத் தட்டச்சு செய்கிறேன் என்றால், அந்த இடத்தில் தகவல் முடிந்து பயம் தொடங்கிவிட்டது என்று அர்த்தம். மூடிவிடுவேன்.

இவ்வளவு செய்தும் தேடலில் தினமும் மணிக்கணக்கில் போகிறதென்றால் அதைத் தலைவலி டாக்டரிடமே சொல்லுங்கள். பயத்தை வளர்க்கும் எண்ணங்களையும் பழக்கங்களையும் பேசி மாற்றும் அறிவாற்றல் நடத்தைச் சிகிச்சை, உடல்நலப் பயத்துக்கு நன்றாகவே வேலை செய்கிறது. அதற்குப் போவதால் உங்கள் வலி பொய் என்று ஆகிவிடாது. எனக்கு எட்டு அமர்வுகள் தேவைப்பட்டன.

போன வாரம்கூட இரவு மூன்று மணிக்கு வலியோடு விழித்தேன். தேடல் பெட்டியில் "தலைவலி இட" வரை அடித்துவிட்டேன். அழித்துவிட்டுத் தாளில் எழுதினேன்: 3.10, இடது பக்கம், ஐந்து, மாத்திரை இல்லை, தேடல் பாதி.