வா, வாங்க

அன்புள்ள ஐயா,

எங்கள் குடும்பத்தில் கல்லூரிக்குப் போன முதல் ஆள் நான். இன்ஜினியரிங் முடித்து இப்போது சென்னையில் வேலை. ஊரைப் பற்றி ஒரு கட்டுரை எழுதி இணைத்திருக்கிறேன். ஊருக்குப் போனால் எல்லோரும் பெருமையாகத்தான் பேசுகிறார்கள், ஆனால் பத்து நிமிடத்துக்கு மேல் பேச்சு ஓடுவதில்லை. இந்த விலகலை எழுதினால் நன்றி கெட்டவன் என்பார்களோ? வட்டார வழக்கில் எழுதலாமா? சொந்தக்காரர்களின் பெயரை மாற்ற வேண்டுமா?

ம.

அன்புள்ள ம.,

பெயரை மாற்றிவிடுங்கள். வட்டார வழக்கு இன்னும் வாயில் இருந்தால் எழுதுங்கள், இல்லையென்றால் வேண்டாம். நன்றி கெட்டவன் என்று நாலு பேர் சொல்லத்தான் செய்வார்கள்.

கட்டுரையை இரண்டு முறை படித்தேன். முதல் பக்கத்திலேயே அப்பாவின் வெடித்த பாதம், அம்மாவின் புகை படிந்த கண். இதை எழுத நீங்கள் எதற்கு? பள்ளி ஆண்டுவிழாப் பேச்சிலேயே கிடைக்குமே. நான்கு பக்கத்தில் உங்கள் அப்பா ஒரு வார்த்தைகூடப் பேசவில்லை. ஆனால் மூன்றாம் பக்கத்தில் 'சித்தி என்னை வாங்க என்றாள்' என்று ஒரு வரி வருகிறது. அதை எழுதிவிட்டு அடுத்த வரியிலேயே பஸ் ஏறிவிட்டீர்கள். எனக்குக் கோபமே வந்தது. கொஞ்ச நாளாக நான் நினைத்துக்கொண்டிருப்பதும் இதைத்தான்.

எங்கள் ஊர் கோவில்பட்டிப் பக்கம். அக்கா பள்ளிக்கூடத்திலிருந்து நின்று தீப்பெட்டி ஆபீசுக்குப் போனாள். எங்கள் பக்கம் தொழிற்சாலையை ஆபீஸ் என்றுதான் சொல்வோம். விடியுமுன்னே வண்டி வந்து பிள்ளைகளை ஏற்றிப் போகும், கட்டை அடுக்க. அந்தக் கூலியும் சேர்ந்துதான் 1984-இல் நான் பி.எஸ்ஸி. சேர்ந்தேன். 'உனக்கு முந்தி ஆபீஸ் போனவ நான்' என்பாள்.

நான் படிக்கும்வரை அவளுக்கு நான் 'ஏலே'தான். 1988-இல் அவள் கல்யாணப் பத்திரிகையில் என் பெயருக்குப் பின்னால் பி.எஸ்ஸி. என்று அச்சடித்தார்கள். மணப்பெண் பெயருக்குப் பின்னால் ஒன்றுமில்லை. பத்திரிகையைக் கையில் வைத்துக்கொண்டு அவள்தான் எல்லோரையும்விட அதிகமாகச் சிரித்தாள். அதற்குப் பிறகு அவள் வீட்டுக்குப் போகும்போதெல்லாம் பேச்சு மாறிக்கொண்டே வந்தது. 'வாங்க' உடனே வந்துவிடவில்லை. அதற்கு முன்னால் சில வருஷம், வா என்றும் சொல்லாமல் வாங்க என்றும் சொல்லாமல் சமாளித்தாள். 'தம்பிக்குக் காப்பி போடவா?', 'சாப்பிட்டாச்சா?', 'எப்ப ஊருக்குப் போறாப்பல?' கவனியுங்கள், ஒன்றிலும் நீயும் இல்லை, நீங்களும் இல்லை. எதிரில் உட்கார்ந்திருப்பவனிடமே அவனை வேறு யாரோ மாதிரி வைத்துப் பேசுகிறாள். அந்த வருஷங்களில் அவளை நான் நிமிர்ந்து பார்த்திருந்தால் இவ்வளவு தூரம் வந்திருக்காது. எனக்கு அது மரியாதையாகப் பட்டது. பிடித்தும் இருந்தது. அதை எழுதுங்கள் ஐயா, உங்களுக்கும் பிடித்திருந்ததா இல்லையா என்று. பிரிந்து வந்த துக்கத்தை மட்டும் எழுதுகிறவர்களை நான் நம்புவதில்லை.

சரி, ஒன்று சொல்லி முடிக்கிறேன். 2011-இல் அக்கா மகனுக்குப் பொறியியல் கவுன்சலிங். முதல் பட்டதாரி சான்றிதழ் இருந்தால் கல்விக் கட்டணத்தில் சலுகை உண்டு. உங்களுக்கும் அது தெரிந்திருக்கும். அப்போதெல்லாம் வி.ஏ.ஓ., ஆர்.ஐ. என்று கையெழுத்து வாங்கித் தாலுகா ஆபீசுக்குப் போக வேண்டியிருந்தது. அப்பா வழித் தாத்தா பாட்டி, அம்மா வழித் தாத்தா பாட்டி, அப்பா, அம்மா, கூடப் பிறந்தவர்கள், ஒவ்வொருவரும் என்ன படித்திருக்கிறார்கள் என்று எழுதித் தர வேண்டும். இவர்களில் ஒருவர் பட்டம் வாங்கியிருந்தாலும் சான்றிதழ் கிடையாது. தாய்மாமன் அந்தக் கணக்கில் வரமாட்டான். அதனால் என் பட்டம் பையனுக்கு இடைஞ்சலாக இல்லை. அக்கா பட்டம் வாங்கியிருந்தால்தான் கிடைத்திருக்காது.

நான்தான் எழுதினேன். குடும்பத்தின் எல்லா மனுவும் என் கையெழுத்துதான். தாத்தா, பாட்டி வரிசையில் படிக்கவில்லை என்று நான்கு முறை. அவள் பெயருக்கு நேரே எட்டு என்று போட்டேன். எட்டு வரை படித்த அக்காவை அதற்குள் மூன்று கதைகளில் எழுதி முடித்திருந்தேன்.

கையெழுத்துப் போட வந்தவள் விரலை அந்த இடத்தில் வைத்தாள்.

'ஏலே, எட்டுன்னா போட்டிருக்க? அழி. ஏழுதான். எட்டாப்புல அரைப்பரீட்சைக்கு முந்தியே என்னைய வண்டில ஏத்தி விட்டுட்டாக.'