பத்து வீதம் என்றால் அடி வந்துவிட்டதா?

"ஐயா, ஓய்வுபெற்ற ஆசிரியை நான், கொக்குவிலில் இருக்கிறேன். 50 நாள் சராசரிக்கு மேலே நிற்கும் பங்குகள் 10 வீதத்துக்கும் கீழே வந்துவிட்டன, இதுதான் அடிமட்டம், கடன் எடுத்தாவது வாங்குங்கள் என்று தரகர் நெருக்குகிறார். மகன் அனுப்பிய 6 லட்சம் வங்கியில் கிடக்கிறது. வாங்கலாமா?"

இன்றைக்கு வேண்டாம், டீச்சர். கடன் எடுத்து என்றால் என்றைக்குமே வேண்டாம்.

அந்த எண் ஒரு தலைக்கணக்குத்தான். ஒரு பங்கின் கடைசி 50 வியாபார நாட்களின் இறுதி விலைகளைக் கூட்டி ஐம்பதால் வகுத்தால் சராசரி வரும். இன்றைய விலை அதற்கு மேலா கீழா என்று சுட்டெண்ணில் உள்ள ஒவ்வொரு பங்குக்கும் பார்த்து, மேலே நிற்பவை நூற்றுக்கு எத்தனை என்று சொல்கிறார்கள். பத்துக்குக் கீழே என்றால் கிட்டத்தட்ட எல்லாமே அடிபட்டுக் கிடக்கின்றன. காய்ச்சல் 104 என்று வெப்பமானி சொல்லும், நாளைக்கு விடும் என்று சொல்லாது.

2020ஐப் பாருங்கள். பெப்ரவரி 28 அன்று அமெரிக்காவின் எஸ் அண்ட் பி 500 சுட்டெண் 2954இல் முடிந்தது. இந்த அளவீடு அப்போதே பத்துக்குக் கீழே. உங்கள் தரகர் கணக்கில் அதுதான் அடி. மார்ச் 4ஆம் திகதி சுட்டெண் 3130 வரை துள்ளியதும் பலர் நம்பி ஏறினார்கள். மார்ச் 23இல் அது 2237. பெப்ரவரி 28 அன்று வாங்கிய 6 லட்சம் நாலரை லட்சமாகியிருக்கும். கூடவே 6 லட்சம் கடன் வாங்கியிருந்தால் 12 லட்சம் ஒன்பதாகி, கடனைக் கழிக்கக் கையில் மூன்றுதான் மிச்சம். அந்த மூன்றும் நிச்சயமில்லை. விலை இறங்கும்போது கடன் கொடுத்தவர் மேலதிகப் பணம் கேட்பார், கட்டாவிட்டால் அடிவிலையிலேயே உங்கள் பங்குகளை விற்று எடுத்துக்கொள்வார். இதெல்லாம் ஒப்பந்தத்தில் இருக்கும். நான் பார்த்த ஒப்பந்தங்கள் எல்லாம் பொடி எழுத்து ஆங்கிலத்தில்தான். யாழ்ப்பாணத்தில் காசு திரட்ட வருபவர்களுக்கு அதைத் தமிழில் அச்சடிக்க என்ன வில்லங்கமோ தெரியாது. வாங்கினாலும் விற்றாலும் தரகுக் கூலி உண்டு, டீச்சர். உங்களைச் சும்மா இருக்கச் சொன்னால் அவருக்குக் கிடைப்பது ஒன்றுமில்லை.

சரி, பொறுத்திருந்தவருக்கு என்ன நட்டம்? ஏப்ரல் 29இல் சுட்டெண் 2939. அதற்குள் பாதிக்கு மேற்பட்ட பங்குகள் சராசரியைத் தாண்டிவிட்டன. அவசரக்காரர் வாங்கிய கிட்டத்தட்ட அதே விலையில் இவரும் வாங்கினார், நடுவில் இருந்த தூக்கமில்லாத இரவுகள் இல்லாமல்.

ஆனால் ஐம்பது வீதத்தைத் தாண்டியதை மட்டும் நம்பாதீர்கள். 100 ரூபாயில் கிடந்த பங்கு 80க்கு விழுந்து அங்கேயே படுத்துவிட்டது என்று வையுங்கள். நாளுக்கு நாள் பழைய நூறுகள் கழன்று சராசரியும் 80க்கு இறங்கிவரும். பிறகு 81 ஆனாலே 'மேலே' என்று எண்ணிவிடுவார்கள். பங்கு எழும்பவில்லை, கோடுதான் இறங்கியது. ஆகவே சுட்டெண்ணும் ஒரு மாதத்துக்கு முன்பு நின்ற இடத்தைவிட உயர்ந்திருக்கிறதா என்று பாருங்கள். இரண்டும் சேர்ந்தால் 2 லட்சத்தோடு தொடங்குங்கள்.

எதிர்முனை, அதாவது தொண்ணூறுக்கு மேல் போனால் விற்கவேண்டும் என்பதும் பாதிக்கதைதான். 2020 ஜூனில் இது தொண்ணூற்றைந்தைத் தாண்டியது. ஜூன் 11 அன்று ஒரே நாளில் சுட்டெண் 6 வீதமளவு விழுந்தது உண்மை. ஆனால் செப்டெம்பர் தொடக்கத்தில் அது 3580க்கு ஏறிவிட்டது.

இனி, அந்தப் பத்து வீதம் எதன் பத்து வீதம் என்று தரகரைக் கேளுங்கள். அமெரிக்க எண்ணை S5FI என்று தேடி யாரும் பார்க்கலாம். அதைக் காட்டிக் கொழும்புப் பங்கை விற்பவர்களும் உண்டு. கொழும்பின் மொத்தப் பட்டியலில் நாட்கணக்காகக் கைமாறாத பங்குகள் இருக்கின்றன, அவற்றின் விலை பழைய இடத்திலேயே உறைந்து கணக்கைக் கெடுக்கும். அதனால் கொழும்பின் எஸ் அண்ட் பி எஸ்.எல் 20 சுட்டெண்ணை எடுங்கள், அதில் இருபது கம்பனிதான். கொப்பியில் நீங்களே எழுதலாம், ஒரு பங்குக்கு 5 வீதம்.

ஒரு பொறி. நானே விழுந்தது. ஒரு கம்பனி தன் பங்கு ஒன்றைப் பத்தாகப் பிரித்தது. 200 ரூபாய்ப் பங்கு மறுநாள் 20. யாருக்கும் நட்டமில்லை, ஒன்றுக்குப் பத்து கையில் இருக்கிறது. என் எக்ஸெல் தாளில் பழைய விலைகள் 200 ஆகவே கிடந்ததால், அந்தப் பங்கு இரண்டரை மாதம் சராசரிக்குக் கீழே என்றே காட்டிக்கொண்டிருந்தது. சந்தை பலவீனம் என்று மூன்று கிழமை எல்லாருக்கும் சொல்லித் திரிந்தேன். ஒரே இரவில் ஒரு விலை பாதியாகவோ பத்திலொன்றாகவோ குறைந்தால் முதலில் கம்பனி அறிவித்தலைத் தேடுங்கள். பிரிப்புத்தான் என்றால் பழைய விலைகளையும் அதே எண்ணால் வகுத்து எழுதிவிட்டுப் பிறகு எண்ணுங்கள்.