இருபது நொடியில் உங்களைச் சொல்லுங்கள்: கேள்வி பதில்

கிண்டியிலும் நந்தம்பாக்கத்திலும் சிறுதொழில் சந்திப்புகளை நீண்ட காலமாக நடத்திவரும் பெண் ஒருவர், இத்தகைய கூட்டங்களில் தன்னை அறிமுகப்படுத்திக்கொள்வது பற்றி மற்றவர்கள் கேட்ட கேள்விகளுக்கு அளித்த பதில்கள்.

மேடம், அம்பத்தூரில் சிஎன்சி பட்டறை வைத்திருக்கிறேன். கூட்டங்களில் நான் சொல்வது இது: "வணக்கம், நான் நிர்வாகப் பங்குதாரர். 1998இல் தொடங்கிய நிறுவனம், ஐஎஸ்ஓ 9001 சான்று உண்டு, 12 இயந்திரங்கள், தரமும் நேரமும் எங்கள் தாரக மந்திரம்." எல்லோரும் "நல்லது சார்" என்று கார்டை வாங்கிக்கொண்டு நகர்ந்துவிடுகிறார்கள். எங்கே தவறுகிறது?

இதில் பொய்யோ மிகையோ எதுவும் இல்லை. ஆனால் கேட்பவர் இதற்கு மேல் என்ன கேட்க முடியும் என்று யோசித்துப் பாருங்கள். எந்த ஆண்டு, எத்தனை இயந்திரம், என்ன சான்று என எல்லாவற்றுக்கும் நீங்களே விடை சொல்லி முடித்துவிட்டீர்கள். பதவியைச் சொன்னால் எதிரில் இருப்பவரும் தன் பதவியைச் சொல்வார்; அதோடு இருவருக்கும் பேச்சு தீர்ந்தது. மேலும் அந்த அரங்கில் பாதிப் பேரிடம் ஐஎஸ்ஓ 9001 இருக்கும். அது உங்களை அடையாளம் காட்டாது.

நீங்கள் தனியாக எழுதிய செய்தியில், ஹைட்ராலிக் வால்வுக்கான பாகங்களைக் கடைவதாகவும், குறுக்குத் துளைகளில் நிற்கும் உலோகப் பிசிறுதான் பெரிய தலைவலி என்றும் சொல்லியிருந்தீர்கள். பேச வேண்டியது அதைத்தான். இப்படி வைத்துக்கொள்ளலாம்:

"வணக்கம், நான் (பெயர்). மெட்ரோ பணி நடக்கும் இடத்தில் பொக்லைன் பார்த்திருப்பீர்கள். அதன் கையை இயக்கும் வால்வுக்குள் போகும் சிறு பாகங்களை அம்பத்தூரில் கடைகிறோம். துளைக்குள் தலைமுடி அளவு பிசிறு நின்றாலும் வால்வு சிக்கிவிடும். அந்தப் பிசிறோடுதான் எங்கள் பாதி நாள் போகிறது."

ஏறத்தாழ முப்பது சொற்கள். தமிழ்ச் சொற்கள் நீளமானவை. நிதானமாகப் பேசினால் இருபது நொடிக்கு முப்பது, முப்பத்தைந்துதான் அடங்கும். போனில் பதிவுசெய்து நேரம் பாருங்கள். (எழுத்து நடையில் தந்திருக்கிறேன். வாய்க்கு வரும்படி மாற்றிச் சொல்லுங்கள். இதையே ஒப்பித்தால் மேடைப் பேச்சு போலிருக்கும்.)

இதில் மூன்று வேலைகள் நடக்கின்றன. பொக்லைன் கேட்பவருக்கும் தெரிந்த பொருள், ஆகவே வங்கிக்காரரானாலும் துணிக்கடைக்காரரானாலும் உள்ளே வந்துவிடுவார். பிசிறு அவர் எதிர்பாராத செய்தி. கடைசி வாக்கியம் ஒரு தொல்லையைச் சொல்லிவிட்டுத் தீர்வைச் சொல்லாமல் நிற்கிறது. "அதை எப்படி எடுப்பீர்கள்?" என்று அவர் கேட்பதற்கான இடம் அதுதான். "எங்களிடம் அதற்கு நவீனத் தீர்வு உண்டு" என்று சேர்த்தீர்களானால் அந்த இடம் அடைபட்டுவிடும்.

பேசி முடித்ததும் இரண்டு நொடி சும்மா இருங்கள். பெரும்பாலோர் அந்த மௌனத்தை நீடிக்க விடாமல் தாங்களே ஏதாவது கேட்பார்கள். கேட்கவில்லை என்றால் "நீங்கள் எந்தப் பக்கம்?" என்று நீங்கள் கேளுங்கள். அவர் கேட்டுவிட்டால் சொல்ல, இரண்டு வாக்கியத்தில் பதில் தயாராக இருக்கட்டும்: எதைத் தூரிகையால் எடுக்கிறீர்கள், எதைப் பூதக்கண்ணாடி வைத்துக் கையால் எடுக்க வேண்டியிருக்கிறது என்பது போல. 1998உம் 12 இயந்திரங்களும் அதற்குப் பிறகு தாமாகவே வரும்.

நான் வாட்டர்புரூஃபிங் ஒப்பந்ததாரர். என் வழி எளிது. போனதும் "சார், உங்கள் வீட்டில் கூரை ஒழுகுகிறதா?" என்று கேட்பேன். உடனே திரும்பிப் பார்ப்பார்கள். தொடக்கத்திலேயே கேள்வி கேட்பதுதான் சரி என்று நினைக்கிறேன்.

பாதி சரி. சென்னையில் கூரை ஒழுகாத வீட்டைத் தேடித்தான் பிடிக்க வேண்டும், ஆகவே விஷயத்தை நன்றாகவே பிடித்திருக்கிறீர்கள். ஆனால் அந்தக் கேள்விக்கு ஆம் அல்லது இல்லைதான் பதில். "இல்லை" என்றால் அங்கேயே முடிந்தது. "ஆமாம்" என்றால் அடுத்து அவர் கேட்பது சதுர அடிக்கு எவ்வளவு என்று. காப்பியை வைத்துவிட்டு விலை பேச ஆரம்பித்துவிடுவீர்கள். எதையோ விற்க வந்திருக்கிறார் என்று முதல் நொடியிலேயே அவருக்குத் தெரிந்தும் விடுகிறது.

உங்கள் வேலையில் நீங்கள் மட்டுமே பார்ப்பதைச் சொல்லுங்கள்: "அக்டோபரில் வடகிழக்குப் பருவமழை தொடங்கினால் என் போன் ஓயாது. மொட்டைமாடி ஓடு முழுவதையும் மாற்ற வேண்டும் என்றுதான் கூப்பிடுவார்கள். ஏறிப் பார்த்தால் ஓட்டில் குறை இருக்காது. மழைநீர்க் குழாய் இறங்கும் மூலையிலோ, கைப்பிடிச் சுவர் தளத்தோடு சேரும் இடத்திலோ கசிந்துகொண்டிருக்கும்." இதைக் கேட்டவர் தன் வீட்டுக் கதையைத் தானே சொல்லத் தொடங்குவார். ஒழுகாத வீட்டுக்காரர்கூட மாமனார் வீட்டைப் பற்றிச் சொல்வார்.

அக்கா, எனக்கு நாளை மறுநாள் நேர்முகத் தேர்வு. "உங்களைப் பற்றிச் சொல்லுங்கள்" என்றால் இதே முறையில் சொல்லலாமா?

வேண்டாம் தம்பி. அங்கே உங்கள் விவரங்கள் மேசை மேல் இருக்கின்றன; அந்த வேலைக்குப் பொருந்துகிறீர்களா என்றுதான் பார்ப்பார்கள். படிப்பு, அனுபவம் எல்லாவற்றையும் முறையாகவே சொல்லுங்கள். நாம் பேசுவது கையில் காப்பிக் கோப்பையோடு நிற்கும் இடத்தைப் பற்றி.

தாம்பரத்தில் சிவில் இறுதியாண்டு படிக்கிறேன். பதவி, நிறுவனம் எதுவுமில்லை. "நான் ஸ்டூடண்ட், வேலை இருந்தால் சொல்லுங்கள்" என்பதைத் தவிர வேறென்ன சொல்வது அக்கா?

அந்த இரண்டாவது பகுதியை எடுத்துவிடுங்கள். வேலை தர முடியாதவர் சங்கடப்பட்டு விலகுவார், தர முடிந்தவரோ "ரெஸ்யூமே அனுப்புங்கள்" என்று சொல்லி விலகுவார்.

உங்கள் புராஜெக்ட் எதைப் பற்றி என்று எழுதவில்லை. வேளச்சேரி பக்கம் ஒரு தெருவில் மழைத் தண்ணீர் வடிய எவ்வளவு நேரம் ஆகிறது என்று அளக்கிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். "நான் சிவில் இறுதியாண்டு. வேளச்சேரியில் ஒரே தெருவின் ஒரு முனை சீக்கிரம் வடிகிறது, மறுமுனை நாள் முழுக்க நிற்கிறது. வடிகால் இரண்டு பக்கமும் இருக்கிறது. ஏன் என்று பிடிபடவில்லை." இவ்வளவு போதும். அரங்கில் ஒரு கட்டுமானப் பொறியாளர் இருந்தால் உங்களை விடமாட்டார். வேளச்சேரியில் குடியிருப்பவர் இருந்தால் அவரும் விடமாட்டார். உங்களுக்குத் தெரியாததைச் சொல்வதில் ஒரு வசதி, எதிரில் இருப்பவர் தெரிந்தவராகப் பேச வாய்ப்புக் கிடைக்கிறது. ஆனால் அது உண்மையிலேயே நீங்கள் மண்டையை உடைத்துக்கொண்டதாக இருக்க வேண்டும். இல்லையென்றால் அவருடைய இரண்டாவது கேள்வியிலேயே தெரிந்துவிடும்.

அம்மா, நான் ஓய்வுபெற்ற வங்கி அதிகாரி. பதவியைச் சொல்லாவிட்டால் எதிரில் இருப்பவரிடம் எந்த அளவு மரியாதையோடு பேசுவது என்று எப்படித் தெரியும்? நம் ஊரில் இது வேண்டாத விஷயம் அல்ல. நான் கிளை மேலாளராக இருந்தபோது பெயருக்கு முன் பதவியைச் சொன்னதால்தான் பல கதவுகள் திறந்தன.

உங்கள் வாதத்தை ஒதுக்கிவிட முடியவில்லை ஐயா. வயதில் மூத்தவர்கள் நிறைந்த கூட்டங்களில் பொக்லைன் போன்ற கதைகள் எடுபடாமல் போனதைப் பார்த்திருக்கிறேன்; "அது சரி, நீங்கள் யார்?" என்று நேராகவே கேட்டுவிட்டார்கள். மருத்துவரும் ஆடிட்டரும் வழக்கறிஞரும் தொழிலைச் சொல்லித்தான் ஆக வேண்டும். வழக்கறிஞர்களுக்கும் ஆடிட்டர்களுக்கும் ஆள் பிடிப்பதைத் தடுக்கும் நடத்தை விதிகளும் உண்டு, ஆகவே அவர்கள் "இந்தச் சிக்கலா, என்னிடம் வாருங்கள்" என்ற தொனி வராமல் பார்த்துக்கொள்ள வேண்டும்.

ஒரு சொல்லில் பதவி வந்து போவதில் எனக்கு ஆட்சேபம் இல்லை. அதன் பின்னால் சான்றும் விருதும் ஆண்டும் வரிசைகட்டி வருவதுதான் சிக்கல். ஆனால் ஒன்று: கிளை மேலாளருக்குக் கதவு திறந்தது கடன் கேட்க வந்தவர்களால் அல்லவா? இன்று உங்களிடம் அந்த நாற்காலி இல்லை. சிறுதொழில் கடன் மனுக்கள் எங்கே தடுக்கி விழும் என்று உங்களுக்குத் தெரியும், அதைச் சொன்னால் அரங்கில் பாதிப் பேர் உங்களைச் சூழ்ந்துகொள்வார்கள். இதில் நீங்கள் என்னோடு உடன்படாமல் போகலாம்.

சொந்த ஊரைச் சொன்னால் போதுமே! "எனக்குத் திருநெல்வேலிப் பக்கம்" என்றால் பேச்சு உடனே பற்றிக்கொள்கிறது. இதைவிட எளிய வழி எதற்கு?

பற்றிக்கொள்ளும், மறுக்கவில்லை. அடுத்த கேள்வி "எந்த ஊர்?", அதற்கடுத்தது "எந்தத் தெரு, யார் வீடு?" அது எதை அறிவதற்கான கேள்வி என்று உங்களுக்கும் தெரியும், எனக்கும் தெரியும். எல்லோராலும் அதற்கு நிம்மதியாகப் பதில் சொல்ல முடிவதில்லை. அவராக ஊர்ப்பேச்சை எடுத்தால் பேசுங்கள், நீங்களாக இருபது நொடிக்குள் அதைக் கொண்டுவர வேண்டாம். வேலை செய்யும் இடத்தைச் சொல்லலாம். அம்பத்தூர், பாடி, கிண்டி, ஒரகடம் என்றாலே தொழிற்பேட்டை ஆட்களுக்குப் பேச நிறைய இருக்கிறது.

தமிழில் சொல்வதா, ஆங்கிலத்திலா?

"வணக்கம்" என்று தொடங்குங்கள். திரும்பி வரும் மொழியில் தொடருங்கள். இரண்டிலும் ஒருமுறை வாய்விட்டுச் சொல்லிப் பார்த்திருக்க வேண்டும், ஏனென்றால் ஆங்கிலத்தில் அதே நேரத்தில் கூடுதல் சொற்கள் அடங்கும்; தமிழ் வடிவத்தை அப்படியே மாற்றினால் உருப்படாது.

மேடம், அம்பத்தூர்க்காரன் மீண்டும். நேற்று ஒரு கூட்டத்தில் பொக்லைன் சொல்லிப் பார்த்தேன். முதலில் ஒருவர் "பிசிறா?" என்று கேட்டு, கால்மணி நேரம் பேசினார். சாப்பாட்டு வரிசையில் நான்கு பேரிடம் சொன்னபோது ஒன்றும் நடக்கவில்லை. ஒருவர் "எத்தனை பேர் வேலை செய்கிறார்கள்?" என்று மட்டும் கேட்டார்.

உங்கள் சொல்லையே திருப்பிச் சொல்லிக் கேட்டார் பாருங்கள், அதுதான் வேலை செய்ததற்கான அடையாளம். "எத்தனை பேர்?" என்பது மரியாதைக்குக் கேட்டது, பார்வை உங்கள் பெயர் அட்டைக்கோ தட்டுக்கோ போயிருக்கும்.

நான்கு பேர் நிற்கும் இடத்தில் இருபது நொடி கிடைக்காது. யாராவது சாம்பார் கேட்டு நடுவில் பேசுவார்கள். மின்விசிறிச் சத்தத்தில் "பிசிறு" காதில் விழாமலும் போயிருக்கலாம், அந்தச் சொல் உங்கள் வடிவத்தில் கடைசியில்தான் வருகிறது. அங்கே பத்து நொடிக்குச் சுருக்குங்கள்: "பொக்லைன் வால்வுக்குள் இருக்கும் பிசிறை எடுப்பதுதான் என் பிழைப்பு, அம்பத்தூரில்." அதோடு பக்கத்தில் நிற்பவரிடம் அவர் என்ன செய்கிறார் என்று கேட்டுவிடுங்கள். அந்த நால்வரில் யாருக்காவது ஆர்வம் வந்திருந்தால் கைகழுவும் இடத்தில் வந்து கேட்பார். அப்போது முழு இருபது நொடியும் உங்களுக்குக் கிடைக்கும்.